வகுப்புச் சராசரிகளை ஒன்றாக்குவது எப்படி?

ஒரு பள்ளியின் பத்தாம் வகுப்பில் மூன்று பிரிவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணிதத் தேர்வில் அ பிரிவின் சராசரி 62, ஆ பிரிவின் சராசரி 58, இ பிரிவின் சராசரி 85. பத்தாம் வகுப்பு முழுவதற்குமான சராசரி என்ன என்று கேட்டால், மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 68.33 என்று சொல்லத் தோன்றும். மூன்று பிரிவிலும் சம எண்ணிக்கையில் மாணவர்கள் இருந்தால் அந்த விடை சரிதான். ஆனால் அ பிரிவில் 48 பேர், ஆ பிரிவில் 40 பேர், இ பிரிவில் 12 பேர் மட்டுமே என்றால் அது தவறு.

சராசரி என்பது மொத்த மதிப்பெண்ணை மாணவர் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது. ஆகவே சராசரியும் எண்ணிக்கையும் தெரிந்தால் மொத்தத்தை மீட்டெடுத்துவிடலாம். அ பிரிவின் 48 பேரும் சேர்ந்து எடுத்தது 48 × 62, அதாவது 2,976 மதிப்பெண். ஆ பிரிவின் மொத்தம் 40 × 58 = 2,320. இ பிரிவின் மொத்தம் 12 × 85 = 1,020. மூன்றையும் கூட்டினால் 6,316. மாணவர்கள் 100 பேர். எனவே உண்மையான சராசரி 63.16. இதுவே நிறையிட்ட சராசரி. ஒவ்வொரு பிரிவின் சராசரிக்கும் அதில் உள்ள மாணவர் எண்ணிக்கையே 'நிறை' ஆகிறது. நூறு மாணவர்களின் விடைத்தாள்களையும் ஒரே கட்டாக அடுக்கி, மதிப்பெண்களை ஒவ்வொன்றாகக் கூட்டியிருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும்.

இரண்டு விடைகளுக்கும் இடையே ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபாடு ஏன் வருகிறது? எளிய சராசரி ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பைத் தந்துவிடுகிறது. அந்தப் பங்கை அ பிரிவில் 48 பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும். இ பிரிவில் 12 பேர் மட்டுமே பகிர்ந்துகொள்கிறார்கள். அதனால் இ பிரிவு மாணவர் ஒருவரின் மதிப்பெண், அ பிரிவு மாணவர் ஒருவரின் மதிப்பெண்ணைப் போல நான்கு மடங்கு செல்வாக்குப் பெறுகிறது. யாரும் திட்டமிடாமலேயே, சிறிய பிரிவில் இருப்பவருக்கு நான்கு வாக்கும் பெரிய பிரிவில் இருப்பவருக்கு ஒரு வாக்கும் தரப்பட்டுவிடுகிறது. இங்கே சிறிய பிரிவு நன்றாகப் படிப்பதால் சராசரி உயர்ந்து தெரிகிறது. சிறிய பிரிவு பின்தங்கியிருந்தால், அதே பிழை பள்ளியின் சராசரியைத் தாழ்த்திக் காட்டும்.

இ பிரிவில் ஒவ்வொருவரும் மூன்று மதிப்பெண் கூடுதலாக எடுத்தால் எளிய சராசரி 1 உயரும். உண்மையில் உயர்வது 0.36 மட்டுமே. அ பிரிவில் ஒவ்வொருவரும் மூன்று மதிப்பெண் கூடுதலாக எடுத்தாலும் எளிய சராசரி அதே 1 தான் உயரும்; உண்மையில் உயர்வது 1.44. பெரிய பிரிவில் ஆசிரியர் பட்ட பாடு எளிய சராசரியில் சரியாகத் தெரிவதே இல்லை.

இந்தக் கணக்கு பள்ளிகளோடு முடிவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லட்சத்தீவின் எழுத்தறிவு 91.85 விழுக்காடு, உத்தரப் பிரதேசத்தில் 67.68 விழுக்காடு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 80 வரும். ஆனால் அன்று லட்சத்தீவின் மக்கள்தொகை சுமார் 64 ஆயிரம். உத்தரப் பிரதேசத்தினுடையது ஏறத்தாழ 20 கோடி. மக்கள் எண்ணிக்கையை நிறையாகக் கொண்டால், இரண்டும் சேர்ந்த எழுத்தறிவு 67.7 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். தேர்ச்சி விழுக்காடு, வருகை விழுக்காடு ஆகியவற்றுக்கும் இதே முறைதான்.

கையால் கணக்கிடுபவர்களுக்கு, பத்தாம் வகுப்பில் வரும் ஊகச் சராசரி முறை வேலையைக் குறைக்கும். 60-ஐ ஊகச் சராசரியாகக் கொண்டால், அ பிரிவு 2 கூட, ஆ பிரிவு 2 குறைய, இ பிரிவு 25 கூட. எண்ணிக்கையால் பெருக்கினால் 96, −80, 300. கூட்டுத்தொகை 316, நூறால் வகுத்தால் 3.16. அதை 60-உடன் சேர்த்தால் அதே 63.16. கணினியில் எக்செல் போன்ற அட்டவணை மென்பொருளில் எண்ணிக்கை B நிரலிலும் சராசரி C நிரலிலும் இருந்தால் இந்த ஒரு வரி போதும்:

```
=SUMPRODUCT(B2:B4,C2:C4)/SUM(B2:B4)
```

பலர் இந்த இடத்தில் `AVERAGE` என்று இட்டுவிடுகிறார்கள். அது எளிய சராசரியையே தரும். விடை சரிதானா என்று ஒரு பார்வையில் சோதிக்கலாம். ஒன்றாக்கிய சராசரி மிகக் குறைந்த பிரிவுச் சராசரிக்கும் மிக உயர்ந்ததற்கும் இடையில் இருக்க வேண்டும். பெரிய பிரிவுகளின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நூற்றில் 88 பேர் 58, 62 என்ற சராசரி உள்ள பிரிவுகளில் இருக்கும்போது 68 என்ற விடை வந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

எந்த எண்ணிக்கையை நிறையாகக் கொள்வது என்பதில்தான் அதிகம் வழுக்குகிறது. ஆ பிரிவின் பதிவேட்டில் 40 பேர் இருந்தும் 35 பேரே தேர்வு எழுதி, அந்த 35 பேரைக் கொண்டே 58 என்ற சராசரி கணக்கிடப்பட்டிருந்தால், நிறை 35 தான். வராதவர்களுக்குப் பூஜ்யம் போட்டுக் கணக்கிட்டிருந்தால் நிறை 40. சராசரியைக் கண்டபோது எந்த எண்ணால் வகுத்தார்களோ, அதே எண்ணால்தான் இப்போது பெருக்க வேண்டும். பிரிவு, பள்ளி, மாவட்டம் என்று படிப்படியாகச் சேர்க்கும்போது சராசரியோடு அந்த எண்ணையும் அனுப்ப வேண்டும். அது தொலைந்துவிட்டால் மேலே இருப்பவர் எவ்வளவு முயன்றாலும் சரியான சராசரிக்குத் திரும்ப முடியாது.

எளிய சராசரிக்கும் இடம் உண்டு. ஒரு பாடமுறை பிரிவுகளில் சராசரியாக எப்படிப் பலித்தது என்று, பிரிவையே ஓர் அலகாக எண்ணிக் கேட்கும்போது ஒவ்வொரு பிரிவையும் சமமாக எடுத்துக்கொள்வது நியாயமே. மாணவர்களைப் பற்றிய கேள்விக்கு மாணவர் எண்ணிக்கைதான் நிறை.

நிறையிட்ட சராசரியையும் கவனமாகப் படிக்க வேண்டிய ஒரு சூழல் உண்டு. மறு ஆண்டு மூன்று பிரிவுகளின் சராசரியும் ஒவ்வொரு மதிப்பெண் உயர்ந்து 63, 59, 86 ஆகிறது என்று கொள்வோம். ஆனால் மாணவர் எண்ணிக்கை 40, 55, 5 என்று மாறிவிட்டது. மொத்தம் 2,520 + 3,245 + 430 = 6,195; சராசரி 61.95. எல்லாப் பிரிவும் முன்னேறியிருக்க, பள்ளியின் சராசரி 1.21 குறைந்துவிட்டது! கணக்கில் பிழை இல்லை. உயர்ந்த சராசரி கொண்ட இ பிரிவு சுருங்கி, தாழ்ந்த சராசரி கொண்ட ஆ பிரிவு பெருத்துவிட்டது. புள்ளியியலாளர்கள் இத்தகைய முரணை, 1951-இல் இதைப் பற்றி எழுதிய எட்வர்ட் சிம்ப்சனின் பெயரால் சிம்ப்சன் முரண் என்பார்கள்.

இரண்டு காரணங்களையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. புதிய சராசரிகளை, சென்ற ஆண்டின் எண்ணிக்கைகளான 48, 40, 12 ஆகியவற்றையே நிறையாகக் கொண்டு கணக்கிட்டால் 64.16 வரும். சென்ற ஆண்டின் 63.16-இலிருந்து இதுவரை ஏறிய 1 மதிப்பெண், படிப்பில் வந்த முன்னேற்றம். 64.16-இலிருந்து 61.95-க்கு இறங்கிய 2.21, மாணவர்கள் பிரிவுகளிடையே பரவியிருக்கும் விதம் மாறியதால் வந்தது.