வழியில் தொலைந்த காசோலை: வங்கிக்கு எழுதும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

1924-இல் இங்கிலாந்தில் ஹில்டன் என்பவர், தான் கொடுத்த ஒரு காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்குத் தந்தி அடித்தார். யாருக்கு எழுதியது என்பதைச் சரியாகச் சொன்னவர், எண்ணைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டார். அதே பெயருக்கு வேறு எண்ணில் காசோலை வந்ததும், நிறுத்தியதற்குப் பதிலாக எழுதிக்கொடுத்த புதிய காசோலை இதுதான் என்று நினைத்து வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. வங்கியின் மீது தவறில்லை என்று 1926-இல் தீர்ப்பானது.

நூறாண்டு ஆனாலும் விஷயம் அதேதான். வங்கியின் கணினி காசோலையை அடையாளம் காண்பது அதன் அடிப்பகுதியில் அச்சிட்டிருக்கும் ஆறு இலக்க எண்ணைக் கொண்டுதான். தேதியும் தொகையும் பெயரும் அதற்குத் துணை. எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால், தடை வேறொரு காசோலையின் மீது விழும். தொலைந்தது தடையின்றிக் கடந்துபோகும்.

ஓர் உதாரணம். ஈரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர், சேலத்து நூல் வியாபாரிக்கு 48,500 ரூபாய்க்குக் காசோலை எழுதிக் கூரியரில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் ஆகியும் உறை போய்ச் சேரவில்லை. அவர் முதலில் பார்க்க வேண்டியது, பணம் ஏற்கெனவே கணக்கிலிருந்து போய்விட்டதா என்பதை. போயிருந்தால் நிறுத்தக் கோருவதில் பயனில்லை. அது மோசடிப் புகாராக மாறுகிறது. போகவில்லையென்றால் அடுத்தது எண். அடிக்கட்டையில் எழுதி வைக்காவிட்டாலும் கவலையில்லை. காசோலைப் புத்தகத்தில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள தாள்களின் எண்களைப் பார்த்தால் விடுபட்டது எதுவென்று தெரிந்துவிடும்.

கடிதம் இப்படி அமையலாம்:

"ஐயா, எண் 004217, நாள் 3-ஆம் தேதி, தொகை ரூ.48,500, சேலம் நூல் வியாபாரியின் பெயருக்கு எழுதப்பட்ட காசோலை, அவரைச் சென்றடையும் முன் வழியில் தொலைந்துவிட்டது. எனது நடப்புக் கணக்கில் இதற்குப் பணம் வழங்குவதை உடனே நிறுத்தி வைக்குமாறு வேண்டுகிறேன். இதற்குப் பதிலாக 004218 என்ற எண்ணில் புதிய காசோலை அளிக்க உள்ளேன். அதற்குப் பணம் வழங்கலாம். இதற்கான கட்டணத்தை என் கணக்கில் பிடித்தம் செய்துகொள்ளவும்."

உண்மையான கடிதத்தில் கணக்கு எண்ணும் வியாபாரியின் முழுப்பெயரும் இடம்பெற வேண்டும். கையெழுத்து வங்கியில் கொடுத்த மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும். புதிய காசோலையின் எண்ணைச் சொல்லும் வரியை விட்டுவிடக் கூடாது. ஹில்டன் வழக்கில் நேர்ந்த குழப்பத்துக்கு அது இடம் வைக்காது.

இனி நேரம். 1908-இல் இங்கிலாந்தில் முடிந்த இன்னொரு வழக்கில், பணத்தை நிறுத்தச் சொன்ன தந்தி வங்கியின் கடிதப் பெட்டியிலேயே கவனிக்கப்படாமல் கிடந்தது. அதற்குள் பணம் போய்விட்டது. வங்கி அதைப் பார்க்காத வரை காசோலை நிறுத்தப்பட்டதாக ஆகாது என்றது நீதிமன்றம். ஆகவே கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட, கிளையில் நேரில் கொடுத்து நகலில் தேதி, நேரம், முத்திரையுடன் ஒப்புதல் வாங்குவதே சரி. இந்தியாவில் 2025 அக்டோபர் 4 முதல், செலுத்தப்படும் காசோலைகள் அன்றைக்கே பரிசீலிக்கப்பட்டுத் தீர்வாகின்றன. நாளைக்குப் போகலாம் என்ற அவகாசம் இப்போது இல்லை. வங்கியின் செயலியிலோ இணைய வங்கியிலோ நிறுத்தும் வசதி இருந்தால் முதலில் அங்கே பதிந்துவிட்டு, பிறகு கடிதம் கொடுப்பது நல்லது.

அவசரம் எவ்வளவு என்பது காசோலையைப் பொறுத்தது. 'அக்கவுண்ட் பேயீ' என்று கோடு போட்டிருந்தால், பணம் பெயர் எழுதப்பட்டவரின் கணக்குக்குத்தான் போக வேண்டும். பெயரை அழித்துத் திருத்தினால் ஒழியப் பிறருக்கு அது உதவாது. கோடு போடாமல், 'கொணர்பவருக்கு' என்பதையும் அடிக்காமல் விட்ட காசோலையோ, கண்டெடுத்தவர் கவுன்டரில் நீட்டிப் பணம் வாங்கக்கூடியது.

ஒப்புதல் நகலைப் பத்திரமாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தொலைந்த உறை பிறகு சேலத்துக்கே போய்ச் சேர்ந்து, வியாபாரி தெரியாமல் அந்தக் காசோலையைப் போட்டால், பணம் நிறுத்தப்பட்டதாகச் சொல்லி வங்கி திருப்பி அனுப்பும். நிறுத்தச் சொல்லித் திரும்பிய காசோலையும் 138-ஆம் பிரிவின் கீழ் வழக்காகலாம் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் கணக்கில் போதிய பணம் இருந்தது, நிறுத்தியதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று எழுதியவர் காட்டினால் குற்றமாகாது. அதைக் காட்டுவதற்குத்தான் இந்தக் கடிதமும், அன்றைய இருப்பைச் சொல்லும் கணக்கு விவரமும்.

புதிய காசோலையைக் கொடுக்கும் முன், பழையது நிறுத்தப்பட்டதை வங்கியிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பழையது கிடைத்தால் வங்கியில் போடாமல் திருப்பித் தருவதாக வியாபாரியிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு, அதையும் ஒப்புதல் நகலோடு சேர்த்து வைக்கலாம்.