ஆ. மணி

மணிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் வளர்ந்த கோல்டன் ரிட்ரீவர்தான். ஆனால் ‘உட்காரு’ என்றால்தான் உட்காருவான். பூங்காவில் யாராவது ‘சிட்’ என்றால் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

இந்த ஊர் கால்நடை மருத்துவமனைகளில் நாயின் பெயரோடு வளர்ப்பவரின் குடும்பப் பெயரையும் சேர்த்தே எழுதுவார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் இருப்பது அப்பாவின் பெயர். ஆக, முதல் தடுப்பூசிக்குப் போன அன்றே மணியின் பெயரையும் அப்பாவின் பெயரையும் ஒன்றாகச் சேர்த்து உரக்கக் கூப்பிட்டார்கள். ஃபோனில் இதைச் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. “ஏன்டா, என் பேரை நாய்க்கா வெச்சிருக்கீங்க?” என்றார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நாயின் இடம் வாசல் திண்ணை என்பது அவருடைய தீர்மானமான கருத்து.

ஒன்பதரை வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடையின் பாதியில் மணி படுத்துவிட்டான். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்திருந்தது. நல்ல நாயின் ஈற்றை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் ரோஜா நிறம் திரும்பிவிடும். இவனுக்குத் திரும்பவில்லை. தூக்கிவந்து கிடத்தினோம். மறுநாள் காலை வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து தயிர்சாதம் சாப்பிட்டான். வெயிலில் களைத்திருப்பான் என்று விட்டுவிட்டோம். அந்த நோய் ஏமாற்றும் விதமே அதுதான் என்று பத்து நாள் கழித்து, இரண்டாவது முறை விழுந்தபோதுதான் தெரிந்தது.

ஹெமாஞ்சியோசர்கோமா. இரத்தக் குழாய்களின் உள்சுவரில் பிறக்கும் புற்று. கோல்டன் ரிட்ரீவர்களை அதிகம் பிடிப்பது. பெரும்பாலும் மண்ணீரலில் கட்டியாக வளர்ந்து, ஒருநாள் வெடித்து வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கசியும். கசிவு சிறிதாக இருந்தால் உடம்பு அந்த இரத்தத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், நாய் எழுந்து ஓடும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். மண்ணீரலை எடுத்துவிட்டால் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம், கீமோவும் சேர்த்தால் நான்கு முதல் ஆறு மாதம் என்றார் டாக்டர். ஸ்கேனில் கல்லீரலிலும் புள்ளிகள் தெரிந்தன. அறுவை வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்த முடிவை நான் ஒரு மணி நேரத்தில் எடுத்தேன், என் மனைவி மூன்று நாள் எடுத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு காகிதம் தந்தார்கள். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கலிஃபோர்னியக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் வகுத்த மதிப்பெண் அட்டவணை. வலி, பசி, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து. கூட்டினால் 35க்கு மேல் இருக்க வேண்டும். மகள் அதை ஃபிரிட்ஜில் ஒட்டி, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மார்க் போட்டாள். சந்தோஷத்துக்கு அவள் பத்துக்குக் குறைத்ததே இல்லை.

சிறுநீரகம் கெட்டுப்போன நாய்க்கோ மூட்டுவலிக்காரனுக்கோ அந்த அட்டவணை நன்றாகவே உதவும். மார்க் படிப்படியாக இறங்கும், நாமும் கூடவே இறங்கிப் பழகலாம். இந்த நோயில் படிக்கட்டு கிடையாது, கிணறுதான். ஒரு வியாழக்கிழமை 52. வெள்ளிக்கிழமை விடிகாலை வயிறு உப்பி, கூடத்தில் எழ முடியாமல் கிடந்தான். சனிக்கிழமை மீண்டும் தலை தூக்கி வாலை அசைத்தான். அந்த நல்ல நாளில்தான் தேதி குறித்தோம். அடுத்த கசிவு வரட்டும் என்று காத்திருந்தால், நடுராத்திரியில் அவசர மருத்துவமனையின் வெளிச்சத்தில், பழக்கமில்லாத கைகளுக்கு நடுவே அவன் பயந்துபோய்ச் சாக நேரிடும். அவன் வாலாட்டிக்கொண்டிருக்கும்போது நாள் குறித்தது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அதனால் தூக்கம் வருகிறது என்று அர்த்தமில்லை.

திங்கள்கிழமை காலை என் மனைவி மெதுவடை சுட்டாள். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும் என்பதால் ஒன்பதரை வருஷமாக மணிக்கு மறுக்கப்பட்ட ஒரே பண்டம் அது. அன்றைக்கு இரண்டு சாப்பிட்டான். மூன்றாவதுக்கும் பார்த்தான். அதையும் கொடுத்தோம்.

பதினோரு மணிக்கு டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். முதல் ஊசி மயக்கத்துக்கு மட்டும். பத்து நிமிஷத்தில் மணி குறட்டை விட ஆரம்பித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, ராத்திரி அடிக்கும் அதே குறட்டை. முன்னங்காலில் கொஞ்சம் முடியை வழித்து, நரம்பு பார்த்து, இரண்டாவது ஊசி. பென்டோபார்பிட்டல், மயக்க மருந்தேதான், அளவு மட்டும் அதிகம். போடுவதற்கு முன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் சொல்லிவிட்டார்: கண் மூடாது, திறந்தேதான் இருக்கும். நின்ற பிறகும் ஒரு மூச்சு இழுக்கலாம், தசை துடிக்கலாம், அவனுக்கு அது தெரியாது. சொல்லியிருக்காவிட்டால் அந்தக் கடைசி இழுப்பில் நாங்கள் அலறியிருப்போம். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்டெத்தஸ்கோப்பை வைத்து நீண்ட நேரம் கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

அதன்பிறகு என்ன செய்வது என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. குளிக்க வேண்டுமா? தீட்டு உண்டா? விளக்கேற்றலாமா? இந்த மாநிலத்தில் 2023 முதல் குடும்பத்தில் சாவு என்றால் ஐந்து நாள் வரை விடுப்பு கேட்கச் சட்டமே இருக்கிறது. பெற்றோர், பிள்ளை, பாட்டி, பேரன், மாமியார் வரை பட்டியல் போடுகிறது. நாய் அதில் இல்லை. ஜலதோஷம் என்று எழுதி அனுப்பினேன். இந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கென்று இடமாவது உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே கோல்மா என்ற ஊரில், மனிதக் கல்லறைகளுக்கு நடுவே 1947 முதல் நாய் பூனைகளுக்கென்றே ஓர் இடுகாடு இருக்கிறது.

இரவில் அப்பா கூப்பிட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு எடுத்தனூர் கல்லைப் பற்றி ஆரம்பித்தார். எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்தான். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டில், மாட்டுக்காக நடந்த சண்டையில் செத்த ஒரு வீரனுக்கு அங்கே நடுகல் நட்டார்கள். கல்லில் அவன் பக்கத்தில் அவனுடைய நாய். இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுத்தும் இருக்கிறது. “அந்த நாய் பேரு கோவிவன். பேரை விடாம வெட்டியிருக்கான் பாரு” என்றார். வேறு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்துச் சாம்பல் வந்தது. உடல் எடையில் பவுண்டுக்கு ஒரு கன அங்குலம் என்று கணக்காம். முப்பது கிலோ மணி ஒரு லிட்டருக்குச் சற்று மேல் இருந்தான். மரப்பெட்டியின் மூடியில் பித்தளைத் தகடு. அதில் மணியின் பெயர், அதன் பின்னால் அப்பாவின் முழுப்பெயர். எங்களுக்குச் சுரீரென்றது. உயிரோடு இருப்பவரின் பெயரை அஸ்திப் பெட்டியில் பொறித்து வைத்திருக்கிறார்கள். தகட்டை மாற்றித் தரச் சொல்வோம் என்றாள் மனைவி. அதற்குள் மகள் ஃபோட்டோ எடுத்துத் தாத்தாவுக்கு அனுப்பிவிட்டாள்.

அரைமணி நேரம் பதிலில்லை. பிறகு வந்தது:

“மாத்தச் சொல்லு. நம்ம வழக்கத்துல இனிஷியல் முன்னாடி வரணும். ஆ. மணி.”