டிக்கெட் எண் 0431

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கு அடிபட, வண்டி எதன்மீதும் மோத வேண்டியதில்லை. டிரைவர் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தால் போதும். வண்டியில் கீறல் விழாது, கண்ணாடி உடையாது. ஐந்து நிமிடத்தில் பஸ் கிளம்பிவிடும். உள்ளே விழுந்த ஓர் அம்மாவுக்கு மணிக்கட்டு மட்டும் முறிந்திருக்கும். அப்படி ஒன்று நடந்ததற்கு அடையாளமாக மிஞ்சுவது, அன்றைக்கு கண்டக்டர் டெப்போவில் எழுதிக் கொடுக்கும் ஒரு தாள். அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்பது டிக்கெட் வாங்கும் நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் இரண்டே விநாடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் அது நகர்வது சுமார் 11 மீட்டர்தான். நிற்பவரின் பாதங்கள் தளத்தோடு ஒட்டியிருப்பதால் பஸ்ஸோடு சேர்ந்து நிற்கப் பார்க்கும். இடுப்புக்கு மேல் உள்ள உடம்போ பழைய வேகத்திலேயே போகும். பிரேக் பிடித்த அரை விநாடியிலேயே பஸ்ஸுக்கும் அந்த உடம்புக்கும் மணிக்கு 10 கிலோமீட்டர் வேக வித்தியாசம் வந்துவிடுகிறது. ஒரு கையில் பையும் மறு கையில் சில்லறையும் வைத்திருப்பவர் கம்பியைத் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். முன்சீட்டுக் கம்பியில் நெற்றி இடிக்கும், ஊன்றிய கை முறியும். விழுந்தவர் மேலேயே பின்னால் நின்றவர்களும் விழுவார்கள்.

இனி ஒரு நிகழ்வைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். காலை 8.50. வண்டி நிறையக் கூட்டம். கண்டக்டர் பின்வாசல் பக்கம் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கிறார். திடீர் பிரேக்கில் நடுவழியில் நின்ற ஆறேழு பேர் முன்னால் சரிகிறார்கள். கண்டக்டரும் சீட்டைப் பிடித்துத்தான் தப்பிக்கிறார். ஒரு பையனுக்கு உதட்டில் ரத்தம். அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா எழுந்து, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, “ஒண்ணுமில்ல தம்பி, நான் எறங்கிக்கிறேன்” என்கிறார். டிரைவர் திரும்பிப் பார்த்து, “ஆட்டோக்காரன் குறுக்க விட்டுட்டாண்ணே” என்கிறார்.

மதியம் அவசரத்தில் எழுதப்படும் அறிக்கை பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “ஆட்டோ குறுக்கே வந்ததால் ஓட்டுநர் பிரேக் பிடித்தார். பயணிகள் சிலருக்கு லேசான காயம். ஓட்டுநர் மீது தவறு ஏதும் இல்லை.”

மூன்றே வாக்கியம். மூன்றிலும் கண்டக்டர் தனக்குத் தெரியாததைத்தான் எழுதியிருக்கிறார். பின்வாசலில் கூட்டத்துக்கு நடுவே நின்றவருக்கு முன்னால் உள்ள சாலை தெரியாது. ஆட்டோ என்பது டிரைவர் சொல்லிக் கேட்டது. ‘லேசான காயம்’ என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எலும்பில் விரிசல் விட்ட கை முதல் அரை மணி நேரம் வெறும் வலியாகத்தான் இருக்கும், வீக்கம் பிறகுதான் தெரியும். தவறு யார் மீது என்பதை விசாரிப்பது கிளை மேலாளரும், வழக்கு என்று போனால் போலீசும் கோர்ட்டும்.

கண்டக்டருக்கு இதில் இருக்கும் சங்கடத்தையும் சொல்லத்தான் வேண்டும். நாள் முழுக்க ஒரே வண்டியில் ஓடி, ஒரே டீயைப் பகிர்ந்து குடிக்கிற இருவரில் ஒருவர் எழுதுவது மற்றவரின் வேலையைத் தொடுகிறது. அதனால்தான் ‘தவறு இல்லை’ என்ற வரி தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் அந்த வரி டிரைவரைக் காப்பாற்றாது. ‘சாலையைப் பார்க்காத நீங்கள் இதை எப்படிச் சொன்னீர்கள்?’ என்ற ஒரே குறுக்குக் கேள்வியில் அறிக்கை முழுவதும் ஆட்டம் கண்டுவிடும்.

அதே கண்டக்டர் நிதானமாக எழுதினால் இப்படி இருக்கும்: “நான் பின்வாசல் அருகே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாலையைப் பார்க்கவில்லை. பிரேக் பிடிக்கும் முன் கடைசியாகக் கொடுத்த டிக்கெட் எண் 0457, நேரம் 8.51. ஆட்டோ குறுக்கே வந்ததாக ஓட்டுநர் உடனே சொன்னார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ஓர் ஆட்டோ இடப்பக்கச் சந்தில் திரும்பியது. பதிவெண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் குறித்துக்கொண்டேன். நடுவழியில் விழுந்த பெண் பயணி, வயது சுமார் 60, டிக்கெட் எண் 0431, வலது மணிக்கட்டில் வலி என்றார். 108-க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். இரண்டாவது சீட்டில் இருந்த இரு பயணிகள் பெயரும் போன் எண்ணும் கொடுத்துள்ளனர்.”

ஆட்டோவின் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் நஷ்டஈடு கேட்கும்போது யாருடைய கவனக்குறைவு என்ற கேள்வி வரும். ஆட்டோதான் காரணம் என்று தெரிந்தால் பொறுப்பு அந்த ஆட்டோவின் இன்சூரன்ஸ் பக்கம் போகலாம். எண்ணே இல்லை என்றால் ‘ஏதோ ஓர் ஆட்டோ’ என்பது டிரைவர் சொன்ன கதையாகவே நின்றுவிடும். வண்டி மோதாவிட்டாலும், ஓடும் பஸ்ஸுக்குள் விழுந்து அடிபட்டவரும் இந்தப் பிரிவில் மனு போடலாம் என்பது பலருக்குத் தெரியாது.

‘கடைசி டிக்கெட் 0457’ என்ற வரிதான் எனக்கு இந்த அறிக்கையிலேயே பிடித்தது. டிக்கெட் மெஷின் வரிசை எண்ணையும் நேரத்தையும் ஏறிய இடத்தையும் அடித்துக் கொடுக்கிறது. அந்த எண்ணைக் குறித்துவிட்டால், பிரேக் பிடித்த நேரத்துக்கு முன் யாரெல்லாம் டிக்கெட் வாங்கியிருந்தார்கள் என்பது அங்கேயே உறுதியாகிவிடுகிறது. நாலு மாதம் கழித்து, அந்த வண்டியில் வராத ஒருவர் ‘நானும் விழுந்தேன்’ என்று வந்தால் டெப்போ சரிபார்க்கலாம். உண்மையாகவே விழுந்தவரை ‘நீங்கள் இந்த வண்டியில்தான் வந்தீர்களா?’ என்று கேட்டு அலைக்கழிக்கவும் முடியாது.

அந்த அம்மா வாங்கியது மகளிருக்கான விலையில்லா டிக்கெட். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டுச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் காசு இல்லை. ஆனால் டிக்கெட் உண்டு. காசு கொடுக்காத டிக்கெட்தானே என்று பலர் அதைக் கையிலேயே கசக்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்த வண்டியில் அவர் இருந்தார் என்பதற்கு அவர் கையில் உள்ள சாட்சி அது ஒன்றுதான். கண்டக்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு டிக்கெட்டை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அறிக்கையோடு இணைக்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

‘ஒண்ணுமில்ல தம்பி’ என்று இறங்கப் போகிறவரை என்ன செய்வது? வற்புறுத்தி நிறுத்த முடியாது. ஆனால் “அம்மா, டிக்கெட்ட மட்டும் காட்டுங்க, நம்பரு எழுதிக்கிறேன். வலி இருந்தா ஆஸ்பத்திரில பஸ்ஸுல விழுந்தேன்னே சொல்லுங்க” என்று சொல்ல முடியும். வீட்டில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிப்பதும், வண்டியின் பொறுப்பில் இருப்பவர் கடமை என்று அதே சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் மறுத்து இறங்கிப் போனால், ‘சிகிச்சை வேண்டாம் என்று சொல்லி இன்ன நிறுத்தத்தில் இறங்கினார்’ என்று அதையும் எழுத வேண்டும்.

நஷ்டஈட்டு மனுவுக்குச் சட்டத்தில் எழுதியுள்ள கெடு ஆறு மாதம். மெஷின் டிக்கெட்டோ சூடு பட்டால் கறுக்கும் தாளில் அடிக்கப்படுவது. சுருக்குப் பையில், இடுப்புச் சூட்டில் கிடந்தால் எழுத்து மங்கிக்கொண்டே வந்து, மனு போடப் போகும் நாளில் வெறும் வெள்ளைத் துண்டாகக்கூட இருக்கலாம். அன்றைக்கு 0431 என்ற எண், கண்டக்டர் பேனாவால் எழுதிய அந்தத் தாளில் இருக்கும்.