மழைக்கணக்கைத் தமிழ் மாத வரிசையில் எழுதுவோம்

"ஐப்பசி அடைமழையில போஞ்சி விதை போட்டா மண்ணுக்குள்ளேயே அழுகிப் போகும்" என்று வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. ஆனால் ஆபீசில் உள்ள மழைக்கணக்கு ஜனவரி, பெப்ரவரி என்றுதான் இருக்கும். "ஒக்டோபர்தானே ஐப்பசி" என்று பெயரை மட்டும் மாற்றி எழுதினால் கணக்குப் பிழைத்துவிடும். ஐப்பசி ஒக்டோபர் 18 அளவில் பிறந்து, நவம்பர் 16 அளவில் முடிகிறது.

அதனால் மாதக் கூட்டுத்தொகையை எடுக்காதீங்க. தினசரிக் கணக்கைக் கேட்டு வாங்குங்க. உதாரணத்துக்கு, ஒக்டோபரில் 300 மில்லிமீற்றர் மழை என்று வைத்துக்கொள்வோம். அதில் 18ஆம் தேதி முதல் பெய்தது 210. நவம்பர் மழை 260. அதில் 16ஆம் தேதி வரை பெய்தது 160. அப்படியானால் ஐப்பசி மழை 210உம் 160உம் சேர்ந்து 370. நவம்பரில் மிச்சம் 100. டிசம்பர் முதல் பாதியில் 50 பெய்திருந்தால் கார்த்திகை மழை 150தான். நவம்பரைக் கார்த்திகை என்று நினைத்தவர் 260ஐப் பார்த்துப் பயந்து விதைப்பைத் தள்ளிப்போட்டிருப்பார். சரியான கணக்கு, ஐப்பசி கழிந்ததும் மண் வடிந்தால் போடலாம் என்று காட்டுகிறது.

மாதம் பிறக்கும் நாள் வருஷத்துக்கு வருஷம் ஒரு நாள் முன்பின் ஆகும். நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்க.

இனி, படம் வரைவோம். சதுரக் கொப்பியில் ஒரு கட்டம் 20 மில்லிமீற்றர் என்று வைத்தால், ஐப்பசிக்குப் பதினெட்டரைக் கட்டம் உயரம் வரும். பிள்ளைகள் கம்பியூட்டரில் செய்தால் ஒரு விஷயம் கவனிக்கணும். அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் அது ஆடியை முதலிலும் வைகாசியைக் கடைசியிலும் போடும். ஐப்பசிக்கு அடுத்துக் கார்த்திகை சரியாகவே நிற்பதால் பிழை கண்ணில் படாது. ஆனால் கார்த்திகைக்குப் பிறகு சித்திரை வந்து நிற்கும்! 01 சித்திரை, 02 வைகாசி என்று 12 பங்குனி வரை எண் போட்டு எழுதினால் வரிசை கலையாது.

சித்திரையில்தான் படத்தைத் தொடங்க வேண்டும் என்றில்லை. ஹற்றன் பக்கம் பங்குனி, சித்திரை இரண்டிலும் பின்னேரத்தில் இடிமழை வரும். சித்திரையில் தொடங்கினால் அந்த ஒரே மழைக்காலம் படத்தின் இரண்டு முனையிலும் பிரிந்து கிடக்கும். காய்ந்த மாதமான மாசியில் தொடங்கித் தையில் முடித்தால் சேர்ந்து நிற்கும். பதுளைப் பக்கம் ஆனி, ஆடி காய்ச்சல்; அவங்க ஆனியில் தொடங்கலாம். எங்கே தொடங்கினாலும் மாதங்களின் வரிசை மாறக்கூடாது.

ஒரு வருஷப் படத்தை நம்பி விதை வாங்காதீங்க. ஐந்து வருஷக் கணக்கையாவது மாதவாரியாகக் கூட்டி ஐந்தால் பிரித்து வரைந்தால்தான் நம்ம மலையின் மழை தெரியும்.