எட்டு ஸ்லைடில் இறங்கும் பயம்

காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குத் திடீரென்று கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுக்கும். ஊரில் ஜன்னி என்பார்கள். மருத்துவர்கள் இதைக் காய்ச்சல் வலிப்பு என்கிறார்கள். பார்க்கிற தாய்க்குக் குழந்தை கையை விட்டுப் போய்விட்டது என்றே தோன்றும். அன்று இரவு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகும் தூக்கம் வராமல் அவர் போனில் தேடுவார். தேடும்போது இன்ஸ்டாகிராமில் ஒரு கரோசல், அதாவது விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் ஸ்லைடு தொகுப்பு, கண்ணில் படுகிறது. ஒரு குழந்தை நல மருத்துவர் அதைத் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஸ்லைடில் நடுங்கிக்கொண்டிருக்கும் அந்தத் தாயைக் கடைசி ஸ்லைடுக்குள் எப்படி நிதானத்துக்குக் கொண்டுவருவது?

பெரும்பாலானோர் முதல் ஸ்லைடிலேயே சறுக்குகிறார்கள். சிவப்புப் பின்னணியில் ‘எச்சரிக்கை! உங்கள் குழந்தையின் உயிருக்கு ஆபத்து!’ என்று போட்டால் பார்வை கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே பயந்திருப்பவரை மேலும் பயமுறுத்தினால் அவர் படிப்பதை நிறுத்திவிடுவார். ‘பயப்படாதீர்கள், இது சாதாரணம்’ என்று தொடங்குவதும் அதே அளவு தவறு. தான் கண்ணால் பார்த்ததை யாரோ சாதாரணம் என்று சொன்னால், இவருக்கு என்ன தெரியும் என்றுதான் தோன்றும். நான் எழுதினால் முதல் ஸ்லைடு இப்படி இருக்கும்: ‘காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு வந்ததா? அந்த ஒரு நிமிடம் யாரையும் உலுக்கிவிடும். என்ன நடந்தது, இனி வந்தால் என்ன செய்வது என்று பார்ப்போம்.’ பயத்தை ஒப்புக்கொண்டாயிற்று, கூட்டவில்லை. இழுப்பில் இருக்கும் குழந்தையின் படத்தைப் போட வேண்டாம். அந்தக் காட்சி ஏற்கெனவே அவர் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது ஸ்லைடில் ஆறுதலைத்தான் தொடர வேண்டும் என்று தோன்றும். நான் அங்கே கைவேலையை வைப்பேன். அதற்குக் காரணம் ஒரு பழைய ஆய்வு. 1965-இல் ஹோவர்ட் லெவெந்தாலும் சகாக்களும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றிய கையேடுகளைக் கொடுத்தார்கள். சிலருக்குப் பயங்கரமான விவரங்கள், சிலருக்கு மிதமானவை. பயம் எவ்வளவு கூடினாலும், தடுப்பூசி போட்டுக்கொள்ள உண்மையில் போனவர்கள் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் வளாகத்தின் வரைபடத்தில் மருத்துவ மையம் இருக்கும் இடத்தைக் காட்டி, எப்போது போகலாம் என்று திட்டமிடவும் சொன்ன குழுவில் சுமார் 28 சதவீதம் பேர் போனார்கள். அடுத்து எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்ததுதான் அவர்களை நகர்த்தியது.

ஆகவே இரண்டாவது ஸ்லைடில் எளிய கோட்டோவியம் ஒன்று: தரையில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் குழந்தை. கீழே மூன்றே வாக்கியங்கள். ‘ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்தைச் சுற்றியிருக்கும் துணியைத் தளர்த்துங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள்.’ இதற்கு வேறொரு பயனும் உண்டு. முதல் ஸ்லைடைத் தள்ளாமல் கடந்து போனவருக்கு இன்ஸ்டாகிராம் சில நேரம் அதே கரோசலை இரண்டாவது ஸ்லைடிலிருந்து மறுபடி காட்டும். அப்போது அந்த ஸ்லைடு தனியாக நின்று பொருள் தர வேண்டும்.

மூன்றாவதில் கடிகாரம். ஆபத்து அறிகுறிகளையெல்லாம் கடைசி ஸ்லைடில் பட்டியலாகக் கொட்டுவது வழக்கம். படிப்படியாக இறங்கிய பயம் அந்த இடத்தில் மறுபடி ஏறிவிடும். அதை முன்னாலேயே வைத்து ஒரு வேலையாக மாற்றலாம்: ‘நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, மூச்சுத் திணறினாலோ, நின்ற பிறகும் குழந்தை விழிக்காவிட்டாலோ, மறுபடி வந்தாலோ 108. சீக்கிரம் நின்றுவிட்டாலும், முதல் முறை என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.’ எல்லை தெரியாதபோதுதான் பயம் பெருகுகிறது. இந்த ஸ்லைடில் ‘தானாக நின்றுவிடும்’ என்பதையும் ‘108’ என்பதையும் பிரிக்கவே கூடாது. யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். ஆறுதல் மட்டும் தனியாகப் பயணம் செய்தால், அதை நம்பி ஒரு வீட்டில் பத்து நிமிடம் காத்திருப்பார்கள்.

நான்காவது ஸ்லைடில்தான் தொனி மிகவும் சோதிக்கப்படும். நம் வீடுகளில் வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், பல்லுக்கு நடுவில் கரண்டியை நுழைப்பார்கள். ‘இந்த மூடநம்பிக்கையை விடுங்கள்!’ என்று எழுதினால் முன்தினம் சாவி கொடுத்த பாட்டிக்கு முகம் சுருங்கும். தாய்க்குக் குற்றவுணர்வு வரும். இரண்டு பேரும் அடுத்த ஸ்லைடுக்குப் போக மாட்டார்கள். காரணத்தைச் சொல்லிவிட்டால் திட்டத் தேவையே இல்லை. ‘வலிப்பு தானாக நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருக்கிறது. அதனால் சாவிதான் நிறுத்தியது என்று தோன்றுகிறது. கரண்டி பல்லை உடைக்கலாம், மூச்சையும் அடைக்கலாம்.’

கையும் கடிகாரமும் தெளிவானபின்தான் விளக்கத்துக்குக் காது திறக்கும். ஐந்தாவதில் வாக்கியங்கள் கொஞ்சம் நீளலாம், நிறமும் தணியலாம். 6 மாதத்திலிருந்து 5 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இது வருகிறது. குறைந்த நேரத்தில் நின்றுவிடும் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு மூளையைப் பாதிப்பதில்லை. இதையே இரண்டாவது ஸ்லைடில் சொல்லியிருந்தால் வெறும் சமாதானமாகப் பட்டிருக்கும்.

ஆறாவது ஸ்லைடு, அவர் யாரிடமும் கேட்காத கேள்விக்கு: ‘மருந்தை நேரத்துக்குக் கொடுத்திருந்தால் வந்திருக்காதோ?’ பாராசிட்டமால் குழந்தையின் அசௌகரியத்தைக் குறைக்கும். வலிப்பு வராமல் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. இந்த ஒரு உண்மை, ‘நீங்கள் நல்ல தாய்’ என்று பத்து முறை எழுதுவதைவிட அதிக பாரத்தை இறக்கும். ஏழாவதில் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது: ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு இது மறுபடியும் வரும். அதை மறைத்துத் தரும் தைரியம் அடுத்த காய்ச்சலிலேயே உடைந்துபோகும். முதல் ஸ்லைடில் சொல்லியிருந்தால் இந்தச் செய்தி கலங்கடித்திருக்கும். இப்போது அவருக்கு ஒருக்களிப்பது தெரியும், 5 நிமிடம் தெரியும்; அதனால் தாங்கிக்கொள்வார்.

வெளியிடும் முன் சிறு குழந்தை வைத்திருக்கும் ஒருவரிடம் போனைக் கொடுங்கள். ஒவ்வொரு ஸ்லைடுக்குப் பிறகும் நிறுத்தி, ‘இப்போது மனதில் என்ன கேள்வி வருகிறது?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் கேட்பதற்கு அடுத்த ஸ்லைடில் பதில் இல்லையென்றால் வரிசை தவறு. ‘நல்லா இருக்கு’ என்ற பதிலால் எந்தப் பயனும் இல்லை. வெளியிட்ட பிறகு பின்னூட்டங்களில் ‘அப்போ தண்ணி கொடுக்கலாமா டாக்டர்?’ என்று பலர் கேட்டால், இரண்டாவது ஸ்லைடில் ‘வாயில் எதையும்’ என்பது போதவில்லை, தண்ணீர், மருந்து என்று பெயர் சொல்லியே எழுத வேண்டும் என்று அர்த்தம்.

எட்டாவது ஸ்லைடில் ‘எங்களைப் பின்தொடருங்கள்’ என்று போடுவதுதான் இப்போதைய பழக்கம். அந்த வேண்டுகோளைப் படத்துக்குக் கீழே வரும் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். ஸ்லைடில் ஒருக்களித்த குழந்தையின் ஓவியம், ‘5 நிமிடம் – 108’, குடும்ப மருத்துவரின் எண்ணை எழுதிக்கொள்ள ஒரு வெற்றுக் கட்டம் ஆகிய மூன்றும் போதும். பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினால், தாய் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் அது தெரியும். எழுத்து அவர் கண்ணாடியில்லாமல் படிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.