எந்தப் பாடம் முதலில்?

பாடங்களை மாணவர்களே தேர்ந்தெடுத்துப் படிக்கும் பல்கலைக்கழகங்களில், பாடப் பட்டியலில் ஒவ்வொரு பாடத்தின் கீழும் ஒரு வரி இருக்கும்: இதில் சேர இன்னின்ன பாடங்களை முடித்திருக்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் எளிய நிபந்தனைதான். நாற்பது பாடங்களின் நிபந்தனைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போது எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது என்று தெரியாமல் போகிறது. முன்தேவைப் பாடம் ஒன்றை விட்டுவிட்டது கடைசி ஆண்டில்தான் தெரியவந்து, அதற்காகவே ஒரு செமஸ்டர் கூடுதலாகப் படிக்க வேண்டிய நிலையும் வரும். இதைத் தவிர்க்கத் தெளிவான வழிமுறை உண்டு. அதன் பெயர் டோபாலஜிக்கல் சார்ட்டிங். பேனாவும் தாளும் போதும்.

எட்டுப் பாடங்களை வைத்துப் பார்ப்போம். நிரலாக்கம், நுண்கணிதம், டிஸ்க்ரீட் கணிதம் ஆகிய மூன்றுக்கும் முன்தேவை எதுவும் இல்லை. தரவுக் கட்டமைப்பு படிக்க நிரலாக்கம் வேண்டும். தரவுத்தளம் படிக்கத் தரவுக் கட்டமைப்பு வேண்டும். நிகழ்தகவுக்கு நுண்கணிதம். அல்காரிதம் பாடத்துக்குத் தரவுக் கட்டமைப்பு, டிஸ்க்ரீட் கணிதம் இரண்டும். மெஷின் லேர்னிங் படிக்க அல்காரிதமும் நிகழ்தகவும்.

தாளில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வட்டம் போடுங்கள். முன்னால் படிக்க வேண்டிய பாடத்திலிருந்து பின்னால் வரும் பாடத்துக்கு ஓர் அம்புக்குறி வரையுங்கள். மொத்தம் ஏழு அம்புகள் வரும். இப்படி வட்டங்களும் அம்புகளுமாக அமைந்த படத்தைத்தான் கணிதத்தில் திசைக் கோட்டுரு என்கிறார்கள். எந்த அம்பும் பின்னோக்கிப் போகாதபடி எட்டு வட்டங்களையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும். எட்டுப் பாடங்களை 40,320 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்க முடியாது.

ஆர்தர் கான் என்பவர் 1962இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு வழி சொன்னார். முதலில், ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் எத்தனை அம்புகள் நுழைகின்றன என்று எண்ணிப் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நம் படத்தில் நிரலாக்கம், நுண்கணிதம், டிஸ்க்ரீட் கணிதம் மூன்றுக்கும் பூஜ்யம். தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், நிகழ்தகவு ஆகியவற்றுக்கு ஒன்று. அல்காரிதம், மெஷின் லேர்னிங் இரண்டுக்கும் இரண்டு. இனி, பூஜ்யம் உள்ள பாடம் ஒன்றை எடுத்து வரிசையில் சேர்த்துவிட்டு, அதிலிருந்து கிளம்பும் அம்புகளை அழிக்க வேண்டும். அந்த அம்புகள் போய்ச் சேர்ந்த பாடங்களின் எண் ஒன்று குறையும். பூஜ்யமானது எதுவோ அது அடுத்து எடுக்கத் தயார்.

நிரலாக்கத்தை எடுத்தால் தரவுக் கட்டமைப்பு பூஜ்யமாகிறது. நுண்கணிதத்தை எடுத்தால் நிகழ்தகவு. டிஸ்க்ரீட் கணிதத்தை எடுக்கும்போது அல்காரிதத்தின் எண் ஒன்றாகக் குறைகிறது. தரவுக் கட்டமைப்பையும் எடுத்த பிறகே அது பூஜ்யம். அதே கையோடு தரவுத்தளமும் திறந்துகொள்கிறது. நிகழ்தகவையும் அல்காரிதத்தையும் எடுத்ததும் மெஷின் லேர்னிங்குக்கு வழி பிறக்கிறது. ஒவ்வொரு அம்பையும் ஒரே ஒருமுறைதான் தொடுகிறோம் என்பதால், பாடங்களும் அம்புகளும் எத்தனை கூடுகின்றனவோ அந்த அளவுக்குத்தான் வேலையும் கூடும். அந்தக் காலத்து ஐ.பி.எம். 7090 கணினியில் 30,000 பணிகள் கொண்ட திட்டத்தை ஒரு மணி நேரத்துக்குள் வரிசைப்படுத்திவிடலாம் என்று கான் எழுதினார். அவர் மனத்தில் இருந்தவை பாடங்கள் அல்ல, பெரிய திட்டங்களின் பணிகள். ஆனால் கணக்கு ஒன்றுதான்.

பாதியிலேயே பூஜ்யம் தீர்ந்துபோனால்? அதுதான் இந்த முறையின் மிகப் பயனுள்ள பகுதி என்பேன். தரவுக் கட்டமைப்பில் ஹேஷ் அட்டவணையை ஒழுங்காகப் புரிந்துகொள்ள நிகழ்தகவு தேவை என்று ஓர் ஆசிரியர் குழு முன்தேவையைக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். செய்முறைக்கு மாணவர்கள் தரவுத்தளத்தைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும் என்று நிகழ்தகவு ஆசிரியர்களும் ஒரு முன்தேவையைச் சேர்க்கிறார்கள். இரண்டுமே நியாயமான கோரிக்கைகள்தான். ஆனால் இப்போது நிகழ்தகவுக்குத் தரவுத்தளம் வேண்டும், தரவுத்தளத்துக்குத் தரவுக் கட்டமைப்பு வேண்டும், தரவுக் கட்டமைப்புக்கு நிகழ்தகவு வேண்டும். மூன்றில் எதையும் யாராலும் தொடங்க முடியாது.

கானின் முறையில் இது உடனே வெளிப்பட்டுவிடும். முதல் மூன்று பாடங்களை எடுத்ததும் பூஜ்யம் உள்ள பாடம் எதுவும் மிஞ்சாது. ஐந்து பாடங்கள் தேங்கி நிற்கும். தேங்கிய ஐந்துமே குற்றவாளிகள் அல்ல. அல்காரிதமும் மெஷின் லேர்னிங்கும் சுழலில் இல்லை, சுழலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவை. சுழலை மட்டும் பிரித்துக் காண, தேங்கியவற்றில் ஏதோ ஒன்றில் தொடங்கி, அதற்கு இன்னும் முடியாத முன்தேவை எது என்று பின்னோக்கியே போக வேண்டும். மெஷின் லேர்னிங்கிலிருந்து நிகழ்தகவு, அங்கிருந்து தரவுத்தளம், பிறகு தரவுக் கட்டமைப்பு, மறுபடி நிகழ்தகவு. ஏற்கெனவே பார்த்த பெயர் திரும்ப வந்த இடத்தில் சுழல் பிடிபட்டுவிட்டது. லினக்ஸ் கணினிகளில் இருக்கும் `tsort` என்ற கட்டளையும், பாடங்களை இரண்டிரண்டாகக் கொடுத்தால், வரிசையைத் தரும். சுழல் இருந்தால் அதைச் சுட்டிக்காட்டும். எந்த அம்பை நீக்குவது என்பதை மட்டும் எந்த நிரலும் சொல்லாது. அது ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது.

கூட்டிய இரண்டு நிபந்தனைகளையும் நீக்கிவிட்டுப் பழைய படத்துக்கே வருவோம். சரியான வரிசை எல்லாமே நல்ல வரிசை என்று சொல்ல முடியாது. ஒரு செமஸ்டருக்கு இரண்டு பாடங்கள்தான் எடுக்கலாம் என்று விதி இருக்கட்டும். எட்டுப் பாடங்களை நான்கு செமஸ்டரில் முடித்துவிடலாம் என்று தோன்றும். கணக்குப் பாடங்களை முதலில் முடித்துவிடலாம் என்று ஒரு மாணவி நுண்கணிதத்தையும் டிஸ்க்ரீட் கணிதத்தையும் எடுக்கிறார். முன்தேவை எதையும் அவர் மீறவில்லை. ஆனாலும் அவருக்கு ஐந்து செமஸ்டர் ஆகும். காரணம், நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம், மெஷின் லேர்னிங் என்ற நான்கு பாடத் தொடர். இவற்றில் எந்த இரண்டையும் ஒரே செமஸ்டரில் படிக்க முடியாது. தொடரை இரண்டாம் செமஸ்டரில் ஆரம்பித்தால் ஐந்தாம் செமஸ்டரில்தான் முடியும்.

இதற்கு ஒரு சின்னத் திருத்தம் செய்தால் போதும். எடுக்கத் தயாராக இருக்கும் பாடங்களில், எதன் பின்னால் நீளமான தொடர் தொங்குகிறதோ அதற்கு முதலிடம் கொடுக்க வேண்டும். முதல் செமஸ்டரில் நிரலாக்கமும் நுண்கணிதமும், இரண்டாவதில் தரவுக் கட்டமைப்பும் டிஸ்க்ரீட் கணிதமும், மூன்றாவதில் அல்காரிதமும் நிகழ்தகவும், நான்காவதில் மெஷின் லேர்னிங்கும் தரவுத்தளமும். நான்கே செமஸ்டரில் முடிந்துவிடுகிறது. பாடங்கள் கூடி, விதிகளும் பெருகினால் இந்தத் திருத்தம் எப்போதும் ஆகச் சிறந்த திட்டத்தைத் தந்துவிடாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதைவிடப் பெரும்பாலும் மேல். இரண்டில் ஏதேனும் ஒரு பாடம் படித்திருந்தால் போதும் என்பது போன்ற நிபந்தனைகளை இந்த எளிய அம்புப் படம் தாங்காது. ஒற்றைப்படை செமஸ்டரில் மட்டும் நடக்கும் பாடங்களையும் தனியே கவனிக்க வேண்டும்.

பாடங்களைத் தேர்வு செய்யப் போகும் மாணவர்கள், நீங்கள் கடைசியில் படிக்க விரும்பும் பாடத்திலிருந்து அம்புகளைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அந்த நீண்ட தொடரின் முதல் பாடம் எதுவோ, அதை முதல் செமஸ்டரிலேயே எடுத்துவிடுங்கள்.