கண்டென்சருக்குள் மூன்று கணக்குகள்

நொடிக்கு 1 கிலோ நீராவி வருகிறது. அழுத்தம் நம் காற்றழுத்தம்தான், வெப்பம் 200 டிகிரி. அதைத் தண்ணீராக்கி, 60 டிகிரிக்குக் குளிரவைத்து வெளியே அனுப்ப வேண்டும். குளிர்விக்கும் நீர் 30 டிகிரியில் நுழைந்து 45-இல் வெளியேறலாம். நிமிர்ந்து நிற்கும் உருளை. உள்ளே செங்குத்தான குழாய்கள். குழாய்களுக்குள் குளிர்நீர் கீழிருந்து மேலே ஏறுகிறது, வெளிப்புறத்தில் நீராவி மேலிருந்து கீழே இறங்குகிறது. இதற்கு எத்தனை சதுர மீட்டர் குழாய்ப்பரப்பு தேவை?

சூத்திரம் எளிது: Q = U × A × ΔT. Q என்பது கடத்த வேண்டிய வெப்பம், A பரப்பு, ΔT இரு பக்கத்துக்கும் இடையிலான சராசரி வெப்பநிலை வேறுபாடு. U என்ற கெழு, ஒரு சதுர மீட்டர் ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு எத்தனை வாட் கடத்தும் என்பதைச் சொல்கிறது. குழாயில் படியும் உப்புப் படலத்தையும் சேர்த்து, நீராவி ஒடுங்கும் குழாய்க்கு 2000 என்று வைத்துக்கொள்வோம். மொத்த வெப்பம் 2624 கிலோவாட். நான்கு முனை வெப்பநிலைகளை வைத்து மடக்கைச் சராசரி எடுத்தால் ΔT 76 டிகிரி. விடை: சுமார் 17 சதுர மீட்டர்.

இந்த விடை தவறு. உள்ளே நடப்பது ஒரே வேலை அல்ல. 200 டிகிரி நீராவி முதலில் 100 டிகிரிக்கு இறங்க வேண்டும். அதற்கு 199 கிலோவாட். பிறகு 100 டிகிரியிலேயே நின்று நீராகிறது. பெரும்பங்கு இங்கேதான்: 2257 கிலோவாட். கடைசியில் அந்த நீர் 60-க்குக் குளிர்கிறது, 168 கிலோவாட். முதல் கட்டத்தில் குழாயைத் தொடுவது வெறும் வாயு, அதன் கெழு 60 அளவில்தான். கடைசிக் கட்டத்தில் மெல்ல நகரும் நீர். தடுப்புத் தகடுகள் வைத்து ஓட்டத்தை வளைத்துவிட்டால் 400 எனக் கொள்ளலாம்.

குளிர்நீர் ஒவ்வொரு கட்டத்தின் எல்லையிலும் என்ன வெப்பத்தில் இருக்கும் என்பதைக் கீழிருந்து எண்ணிக்கொண்டு போக வேண்டும்: 30, 31, 44, 45. அப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி ΔT கிடைக்கும். ஒடுங்கும் பகுதிக்கு 62 டிகிரி வருகிறது, 18 சதுர மீட்டர். குளிரும் நீருக்கு 47 டிகிரி, 9 சதுர மீட்டர். மேலே வாயுப் பகுதிக்கு 97 டிகிரி இருந்தும் 34 சதுர மீட்டர் கேட்கிறது. மொத்தம் 61.

பாடப்புத்தகக் கணக்கு இங்கே முடிந்துவிடும். ஆனால் பதின்மூன்று பங்கு வெப்பத்தில் ஒரு பங்கைக்கூட முழுதாகச் சுமக்காத... சரியாகச் சொன்னால் மொத்தத்தில் எட்டு விழுக்காட்டுக்கும் குறைவான வெப்பம், பாதிக்கு மேல் பரப்பைப் பிடித்துக்கொள்வது சந்தேகத்தைத் தர வேண்டும். குழாயின் சுவர் வெப்பத்தைப் பாருங்கள். உள்ளே 45 டிகிரி நீர், வெளியே சோம்பலாக வெப்பம் தரும் வாயு. அதனால் சுவர் 50 டிகிரியைத் தாண்டாது. 100 டிகிரிக்குக் கீழே உள்ள சுவரைத் தொடும் நீராவி, நடுவில் எவ்வளவு சூடாக இருந்தாலும், சுவரில் உடனே நீராகிவிடும். அதாவது மேல்முனையிலேயே குழாய் நனைந்திருக்கிறது. வறண்ட வாயுப் பகுதி என்று ஒன்று இங்கே இல்லவே இல்லை. ஆகவே அந்த 199 கிலோவாட்டை 2000 என்ற கெழுவோடு, 100 டிகிரியிலிருந்தே வேறுபாட்டை அளந்து கணக்கிட வேண்டும். 34 சதுர மீட்டர் 2-க்கும் கீழே சுருங்கிவிடும். உண்மையான தேவை சுமார் 29.

எப்போதும் இப்படிச் சுருக்கிவிட முடியாது. அனல்மின் நிலையத்தின் உயர் அழுத்த ஊட்டுநீர்ச் சூடேற்றியில் குழாய்க்குள் ஓடும் நீரே நீராவி ஒடுங்கும் வெப்பத்தை நெருங்கியிருக்கும். சுவர் அதற்கும் மேலே சூடாகிறது, நனைவதில்லை. அங்கே வறண்ட பகுதி நிஜம். அதைத் தனிக் கூண்டுக்குள் அடைத்து, குறைந்த கெழுவோடுதான் கணக்கிடுவார்கள்.

நம் கண்டென்சரில் கவனம் அடிப்பகுதிக்குப் போக வேண்டும். 9 சதுர மீட்டர் என்பது மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு. குழாய் 3 மீட்டர் என்றால் அடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் நீரில் மூழ்கியே இருக்க வேண்டும். அந்த மட்டத்தைக் காப்பது வெளியேறும் வழியில் உள்ள வால்வு. மட்டம் தாழ்ந்தால் நீர் 60-க்குப் பதில் 75, 80 டிகிரியில் வெளியேறும். அதைக் கண்டு மட்டத்தை மிக உயர்த்தினால் ஒடுங்கும் பரப்பு மூழ்கிப்போய் உருளைக்குள் அழுத்தம் ஏறும். 17 சதுர மீட்டரில் கட்டிய கண்டென்சருக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க இடமே கிடையாது. ஒடுங்குவதற்கு மட்டுமே அதற்கு 20 சதுர மீட்டர் வேண்டும். மட்டத்தை எங்கே வைத்தாலும் அழுத்தமானி குறித்த அளவுக்கு மேலேயே காட்டும்.